ஜிம் உள்தோற்ற ரெண்டர்: வரிசையில் நிற்கும் மெஷின்கள் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிகின்றன

கோபுரநிழல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோவையில் ஒரு பழைய குடோனை ஜிம்மாக மாற்றுகிறார்கள். அதற்கான உள் தோற்றப் படம் என் வேலை. Blender, Cycles. ஹால் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், கூரை 4.2 மீட்டர். தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் டைல். மேலே ஃபால்ஸ் சீலிங் கிடையாது. கூரைக்குக் கறுப்பு பெயின்ட், ஏசி டக்ட் அப்படியே தொங்கும். இடது பக்கம் எட்டு டிரெட்மில் ஒரே வரிசை, வலது பக்கம் கேபிள் மெஷின், லெக் பிரஸ், ஸ்மித் மெஷின், ரேக். கடைசிச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

முழு ஹாலும் வரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால் 16 எம்எம் லென்ஸ் வைத்து மூலையில் கேமராவை நிறுத்தினேன். உயரம் ஒன்றரை மீட்டர், ஆள் நின்று பார்க்கிற மாதிரி. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது டிரெட்மில்லுக்கு அப்புறம் எது எந்த மெஷின் என்றே தெரியவில்லை. ஓரத்தில் இருப்பவை இழுத்துவிட்ட மாதிரி இருக்கின்றன. வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, "இது என்ன சார், டிராக்டர் ஷெட்டா?" என்றார். எங்கே தப்பு?

ரெண்டர்ராஜா

ப்ரோ, லைட் போதவில்லை, அவ்வளவுதான். Exposure ஒரு ஸ்டாப் ஏத்துங்க. ஒரு நல்ல HDRI போட்டு Strength ரெண்டு வையுங்க. கறுப்பு எல்லாம் தெளிஞ்சிடும். நான் பண்ணின ஜிம் ரெண்டரில் இதுதான் பிரச்சினையாக இருந்தது.

அப்புறம் 16 எம்எம் ரொம்ப வைட். ஓரத்தில் வெயிட் பிளேட் எல்லாம் முட்டை மாதிரி ஆகிவிடும். 35 போடுங்க.

திருச்சி_ஜிம்காரர்

தம்பி, கறுப்பு ரப்பர் போடாதீங்க. நான் போட்டுவிட்டு ரெண்டு மாசம் வாடை போகாமல் அவதிப்பட்டேன். டயர் கடைக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் ஏசி கரன்ட் எகிறும். கார்டியோ பக்கம் எத்தனை எம்எம் போடுகிறீர்கள்? எனக்கு எட்டு போதுமாக இருந்தது. டெட்லிஃப்ட் பண்ணுகிற இடத்துக்கு மட்டும் தனியாக முப்பது எம்எம் டைல் வாங்கினேன். வாடைக்கு யாராவது வழி கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

கோபுரநிழல்

@திருச்சி_ஜிம்காரர் சார், நான் ஜிம் கட்டவில்லை, படம்தான் போடுகிறேன் :) ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் டிரெட்மில்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்? நான் இடம் பார்த்து நெருக்கமாகத்தான் வைத்தேன்.

திருச்சி_ஜிம்காரர்

ஓ, படமா. சரி சரி. மெஷினோடு வந்த மேனுவலில் பக்கத்துக்கு அரை மீட்டர், பின்னால் ரெண்டு மீட்டர் காலியாக விடச் சொல்லியிருந்தார்கள். ஆள் வழுக்கினால் பின்னால்தான் போவான். அங்கே சுவரோ இன்னொரு மெஷினோ இருந்தால் மண்டை உடையும். என் மெஷின் முக்கால் மீட்டருக்கு மேல், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். அதனால் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒன்றே கால், ஒன்றரை மீட்டர் வந்துவிடும்.

பழையலென்ஸ்

ஜிம்காரர் சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் இதுவரை வந்ததில் அதுதான் உருப்படியான விஷயம். எட்டு மெஷினையும் நெருக்கி அடுக்கினால் எந்த லென்ஸும் காப்பாற்றாது.

ரெண்டர்ராஜா சொன்னதில் பாதி சரி. 16 வேண்டாம் என்பது சரி, காரணம் வேறு. அகலக் கோண லென்ஸில் தட்டை வட்டம் கேமராவின் சென்சாருக்கு இணையாக நின்றால், ஓரத்தில் இருந்தாலும் வட்டமாகவே விழும். வெயிட் பிளேட் கேமராவை நேராகப் பார்த்து மாட்டியிருந்தால் முட்டையாகாது. முட்டையாவது உருண்டைகள்தான்: மெடிசின் பால், கெட்டில்பெல், டம்பெல் தலை, ஆளின் தலை. அதே மாதிரி கன அளவுள்ள எல்லாமே, டிரெட்மில்லின் முன் மூடி உட்பட.

கணக்கு எளிது. 36 எம்எம் சென்சாரில் 16 எம்எம் லென்ஸ் என்றால் படத்தின் இடது, வலது ஓரத்தில் உருண்டை ஒன்றரை மடங்கு அகலமாக இழுபடும். 24 எம்எம் என்றால் ஒன்றே கால் மடங்கு. 35 என்றால் எட்டில் ஒரு பங்குதான் கூடும், கண்ணுக்குத் தெரியாது. அதற்காக 35 போட்டால் 9 மீட்டர் அகல ஹாலில் பாதிதான் வரும். நான் 24-ல் நிற்பேன். ஓரத்து ஒரு மீட்டரில் உருண்டையான எதையும் வைக்க மாட்டேன். அங்கே சுவரோ தூணோ வெறும் மேசையோ இருக்கட்டும்.

24-க்கு இடம் பற்றாது என்பீர்கள். 16-ல் மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் அகலம், 24-ல் நாலரை மீட்டர் தள்ளி நின்றால் கிடைக்கும். கேமராவைச் சுவருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் கொண்டுபோங்கள். அந்தச் சுவரைத் தேர்ந்து Object Properties-ல் Ray Visibility-க்குள் Camera டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். கேமராவுக்குச் சுவர் தெரியாது, வெளிச்சத்துக்கு மட்டும் சுவர் இருக்கும். சுவரை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அந்தப் பக்கத்திலிருந்து வெளி வெளிச்சம் கொட்டி ஹாலின் நிழலே மாறிவிடும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை. கேமரா உயரம் ஒன்றரை மீட்டர். டிரெட்மில் கன்சோல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தீர்களா?

கோபுரநிழல்

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. 1.46.

பழையலென்ஸ்

அதுதான். கேமரா படுக்கை மட்டமாக இருக்கும்போது அதன் உயரத்தில் இருக்கும் எந்தப் பொருளும், பக்கமோ தூரமோ, படத்தில் ஒரே கோட்டில்தான் விழும். எட்டு கன்சோலும் ஒன்றன் பின் ஒன்றாக அந்தக் கோட்டில் ஒட்டி நிற்கின்றன. வலது பக்க மெஷின்களின் கைப்பிடிகளும் ஏறக்குறைய அதே உயரம்தான். மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பு அடுக்கின மாதிரி ஆகிவிட்டது.

ஆள் கண் மட்டம் என்பது வீட்டு ஹாலுக்குச் சரி. ஜிம்முக்கு அதுவே ஆகாத உயரம். கேமராவை இரண்டு மீட்டருக்கு ஏற்றுங்கள். ஒவ்வொரு கன்சோலும் முன்னதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி, படிக்கட்டு மாதிரி வரும். நடுவில் தரை தெரியும். அந்தத் தரைத் துண்டுதான் ஒரு மெஷினை அடுத்ததிலிருந்து வெட்டிக் காட்டுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. கூரை 4.2 என்றால் இரண்டு மீட்டர் ஏறக்குறைய நடு உயரம். 24 எம்எம்மில் 16:9 படத்தில் தரை சுமார் 4.7 மீட்டர் தூரத்திலிருந்தும், கூரை 5.2 மீட்டர் தூரத்திலிருந்தும் தெரிய ஆரம்பிக்கும். டக்டுக்காகக் கேமராவை அண்ணாந்து வைக்கத் தேவையே இல்லை. X சுழற்சியைச் சரியாக 90-ல் வையுங்கள். 88 என்று சாய்த்தால் ரேக் கம்பிகள் எல்லாம் கீழே குவியும், 92 என்றால் மேலே குவியும். கொஞ்சம் மேலே கீழே வேண்டுமென்றால் Shift Y-ஐத் தொடுங்கள், சுழற்சியைத் தொடாதீர்கள்.

தண்டால்_தம்பி

நான் ட்ரெய்னர். ரெண்டர் எல்லாம் தெரியாது, சும்மா படிக்க வருவேன். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லைட்டை விடுங்க, மெஷினே தப்பு.

ஸ்மித் மெஷின் என்று வைத்திருப்பது ஸ்மித் இல்லை. ஸ்மித்தில் பார் ரெண்டு கம்பியில் கோர்த்து மேலும் கீழும் சறுக்கும். கம்பி நெடுகக் கொக்கி மாட்ட ஓட்டையோ முளையோ இருக்கும். உங்களுடையதில் பார் சும்மா ரேக் கொக்கியில் கிடக்கிறது. அது பவர் ரேக். பக்கத்தில் இருப்பதும் பவர் ரேக். ஒன்றை மட்டும் உயரமாக இழுத்து வைத்திருக்கிறீர்கள்.

லாட் புல்டவுனில் கயிறு மேல் கப்பியிலிருந்து இறங்கி பாரோடு நிற்கிறது. வெயிட் கட்டைக்குப் போகவே இல்லை. யார் இழுத்தாலும் எதுவும் ஏறாது.

அப்புறம் கடைசி நாலு டிரெட்மில்லில் வேகம் காட்டுகிற எண் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி இருக்கிறது.

கோபுரநிழல்

அய்யோ. கடைசி நாலையும் சமச்சீராக இருக்கட்டும் என்று Scale X-ல் -1 போட்டேன். ரேக்கையும் நான்தான் இழுத்தேன், வாங்கின பேக்கில் ஸ்மித் இல்லை. ஒன்றிரண்டு மெஷினை இடத்துக்குத் தக்கபடி 1.2, 1.3 என்று நீட்டியும் இருக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தண்டால்_தம்பி

ஜிம்முக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக் பார் நீளம் 2.2 மீட்டர், பெரிய பிளேட் குறுக்களவு 45 சென்டிமீட்டர். தினமும் கையில் பிடிக்கிற சாமான். கொஞ்சம் மாறினாலும் "என்னவோ பொம்மை மாதிரி இருக்கே" என்று தோன்றிவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

பழையலென்ஸ்

தம்பி, நீங்கள்தான் இந்த இழையில் நல்ல கண் உள்ளவர்.

கோபுரநிழல், இழுத்த மெஷினில் கப்பி எல்லாம் நீள்வட்டம் ஆகியிருக்கும், வட்டக் குழாய் தட்டையாகியிருக்கும். கண்ணால் தேட வேண்டாம். Scripting பக்கத்தில் இதை ஓட்டுங்கள், கோணலாக இழுத்ததும் திருப்பிப் போட்டதும் System Console-ல் பெயரோடு வரும்:

```python
import bpy
for o in bpy.context.scene.objects:
    s = o.scale
    if max(s) - min(s) > 0.001 or min(s) < 0:
        print(o.name, tuple(round(v, 3) for v in s))
```

ஏற்கெனவே Ctrl+A அழுத்தி Scale-ஐ Apply பண்ணியிருந்தால் இது பிடிக்காது, எல்லாம் 1 என்றே காட்டும். அதற்குத் தம்பி சொன்ன பிளேட்டே அளவுகோல். N பலகையில் Dimensions பாருங்கள். பிளேட்டின் இரண்டு அளவும் 0.45 வரவேண்டும். 0.45-ம் 0.58-ம் வந்தால் அந்த மெஷினைத் தூக்கிவிட்டுப் புதிதாக இறக்குங்கள்.

அப்புறம் நிழலுருவச் சோதனை. Solid பார்வையில் Lighting-ஐ Flat, Color-ஐ Random என்று வைத்துக் கேமரா வழியாகப் பாருங்கள். வெளிச்சம், பளபளப்பு எதுவும் இல்லாமல் ஒவ்வொரு மெஷினும் ஒரு நிறத்துண்டாகத் தெரியும். மெஷின் பல துண்டாக இருந்தால் முதலில் ஒன்றாக Join பண்ணின ஒரு நகல் கோப்பில் செய்யுங்கள். அந்த நிறத்துண்டைப் பார்த்தே இது லெக் பிரஸ், இது ரோயிங் என்று தம்பி சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எவ்வளவு லைட் போட்டாலும் வீண். லெக் பிரஸ் என்றால் அந்த 45 டிகிரி சாய்வு பக்கவாட்டில் தெரியும்படி திருப்பியிருக்க வேண்டும். நேர் முகமாக நிறுத்தினால் அது வெறும் சட்டம்.

ரெண்டர்ராஜா

சரி அண்ணா, ஆனால் லைட் விஷயத்தில் நான் சொன்னது தப்பா? கறுப்புத் தரை, கறுப்பு மெஷின், கறுப்புக் கூரை. வெளிச்சம் ஏத்தாமல் எப்படித் தெரியும்?

பழையலென்ஸ்

தப்பில்லை, இடம்தான் தப்பு. Exposure ஏற்றினால் தரையும் மெஷினும் சேர்ந்தே வெளுக்கும். இடைவெளி அப்படியே இருக்கும். HDRI மூடிய ஹாலுக்குள் திறப்பு வழியாக மட்டும்தான் வரும், அதுவும் விளிம்பைப் பிரித்துக் காட்டாது. கோபுரநிழல், ரப்பருக்கும் மெஷின் பெயின்ட்டுக்கும் என்ன மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள்?

கோபுரநிழல்

இரண்டுக்கும் Base Color 0.005. Roughness இரண்டுக்கும் 0.9. கறுப்பு கறுப்பாக இருக்கட்டும் என்று.

பழையலென்ஸ்

0.005 என்பது உலகில் ஏறக்குறைய கிடையாது. பழைய டயர், ரப்பர் மேட் எல்லாம் மூன்று நான்கு சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும். தரைக்கு 0.035, Roughness 0.85. மெஷின் சட்டத்துக்கு 0.025, ஆனால் Roughness 0.4. பவுடர் கோட்டிங்குக்கு லேசான மினுக்கு உண்டு. இருட்டில் இரண்டு கறுப்பைப் பிரிப்பது நிறம் இல்லை, இந்த மினுக்கின் வித்தியாசம்தான்.

அந்த மினுக்குக்கு எதையாவது பிரதிபலிக்கக் கொடுக்க வேண்டும். டிரெட்மில் வரிசைக்கு இணையாக ஒரு நீள டியூப் லைட், மெஷின்களுக்கு நேர் மேலே வேண்டாம், அவற்றுக்குப் பின்னால் சுவரை ஒட்டி. அப்போது கேமரா பக்கம் வருகிற விளிம்புகளில் எல்லாம் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். எட்டு மெஷின், எட்டு கோடு. விளிம்பு கூர்மையாக இருந்தால் கோடு பிடிக்காது. Bevel இரண்டு மூன்று எம்எம் போதும்.

டக்டைக் கறுப்பாக அடிக்கச் சொன்னார்களா?

கோபுரநிழல்

இல்லை, ஜிஐ தகடாகவே விடுகிறார்கள். நான் வெறும் சிலிண்டர் போட்டு உலோக மெட்டீரியல் கொடுத்தேன். அது ஏனோ தண்ணீர்ப் பைப் மாதிரி இருக்கிறது.

பழையலென்ஸ்

மடிப்பு இல்லாததால். வட்ட டக்ட் என்பது தகட்டு நாடாவைச் சுருளாகச் சுற்றிச் செய்வது. சுமார் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பு, திருகு மாதிரி சாய்ந்து ஓடும். அரை மீட்டர் குறுக்களவு டக்டில் இந்தத் திருகு தெரிந்தால்தான் அது டக்ட். நேர் வளையமாகப் போட்டுவிடாதீர்கள், அது அக்கார்டியன் ஆகிவிடும். சில மீட்டருக்கு ஒரு இணைப்புப் பட்டை, கூரையிலிருந்து தொங்கும் கம்பி, பக்கத்தில் காற்று வரும் கிரில். இவ்வளவு போதும். கறுப்புக் கூரையில் டக்ட் ஒன்றுதான் வெளிறிய பொருள், அதனால் கண் முதலில் அங்கே போகும். ரொம்பப் பளபளப்பாக விடாதீர்கள். Roughness 0.35-க்குக் கீழே போகாதீர்கள்.

கோபுரநிழல்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஸ்கிரிப்ட் ஓட்டினேன், பதினொரு மெஷின் மாட்டியது! எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். ஸ்மித்தை நானே மாடல் பண்ணினேன். 24 எம்எம், இரண்டு மீட்டர் உயரம், சுவருக்கு வெளியே கேமரா. டிரெட்மில்லை ஜிம்காரர் சொன்ன இடைவெளியில் வைத்தால் எட்டும் அதே வரிசையில் கொள்கின்றன, முன்னால்தான் வீணாக நெருக்கி வைத்திருந்தேன். இப்போது எட்டையும் எண்ண முடிகிறது.

ரப்பர் தரையில் இன்னொரு கூத்தும் கண்டுபிடித்தேன். சாம்பல் புள்ளி போட்ட டெக்ஸ்சர் பெரிதாகிப் புள்ளி ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருந்தது. நிஜத்தில் அரிசி அளவுதான். அதைச் சின்னதாக்கினதும் மெஷின்கள் தானாகவே நிஜ அளவுக்கு வந்த மாதிரி இருக்கின்றன.

மிச்சம் இரண்டு தொல்லை. ஒன்று, தூரத்துக் கேபிள் மெஷினில் கயிறு விட்டு விட்டுத் தெரிகிறது, சில இடத்தில் காணவே இல்லை. இரண்டு, கடைசிச் சுவர்க் கண்ணாடி. அதில் எல்லா மெஷினும் இன்னொரு தடவை தெரிவதால் பின்பக்கம் மறுபடியும் காடு மாதிரி ஆகிறது.

ரெண்டர்ராஜா

கயிறுக்கு Samples ஏத்துங்க. 4096.

பழையலென்ஸ்

ராஜா, ஏற்றினாலும் பிக்சல் கூடாது. 24 எம்எம்மில் பத்து மீட்டர் தூரத்தில் படத்தின் அகலம் 15 மீட்டர். 1920 பிக்சலில் வகுத்தால் பிக்சலுக்கு ஏறக்குறைய 8 எம்எம். கயிறு 6 எம்எம். ஒரு பிக்சலே முழுதாக நிறையவில்லை. அதை டீநாய்சர் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. 3840-ல் ரெண்டர் பண்ணுங்கள், ஒன்றரை பிக்சல் கிடைக்கும். டீநாய்ஸ் Passes-ல் Albedo and Normal இருக்கட்டும். அப்படியும் விட்டுப்போனால் பின்வரிசைக் கயிற்றை மட்டும் 9 எம்எம் தடிமனாக்குங்கள். இது ஏமாற்று வேலைதான், நான் வெட்கமில்லாமல் செய்வேன்.

கண்ணாடிக்கு: என்னைக் கேட்டால் அந்தச் சுவரில் பாதியை மறைத்துவிடுவேன். டம்பெல் ரேக்குக்குப் பின்னால் மட்டும் கண்ணாடி, மீதி வெறும் சுவர்.

தண்டால்_தம்பி

அது சரியில்லை அண்ணா. ஓனர் காசு கொடுத்து முழுச் சுவருக்கும் கண்ணாடி போடுகிறார், படத்தில் பாதி காணோம் என்றால் சண்டைக்கு வருவார். கண்ணாடி தரையிலிருந்து ஆரம்பிக்காது என்பதைக் கவனியுங்கள். டம்பெல் உருண்டு மோதும் என்று முழங்கால் உயரத்துக்குக் கீழே விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டை சுவராகத் தெரிந்தாலே நிஜத் தரைக்கும் கண்ணாடித் தரைக்கும் ஒரு பிரிவு வந்துவிடும்.

பழையலென்ஸ்

பட்டை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மேலே கன்சோல்களும் ரேக்கும் இரண்டிரண்டாகத் தெரிவது மாறாதே. கண்ணாடியின் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிப் பிரதிபலிப்பை மட்டுப்படுத்தலாம். அப்படிச் செய்தால் கண்ணாடி பழசாகத் தெரியும் என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கோபுரநிழல்

பட்டை போட்டு ஒன்று, கண்ணாடியை மட்டுப்படுத்தி ஒன்று, இரண்டையும் ஓட்ட விட்டிருக்கிறேன். 3840-ல் ஒரு படத்துக்கு என் கணினி மூன்று மணி நேரம் கேட்கிறது. காலையில் இரண்டையும் இங்கே போடுகிறேன், தம்பியும் அண்ணாவும் பார்த்துச் சொல்லுங்கள்.

திருச்சி_ஜிம்காரர்

போடுங்கள், நானும் பார்க்கிறேன். அந்த ரப்பர் வாடை விஷயம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.